டக்ட் ஜன்னல்

மஹ்மூதா பீவிக்கு ரேடியோ வேண்டாம், டிவி வேண்டாம். அந்தி சாய்ந்து மகரிபு தொழுதுவிட்டு, அடுக்களைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்து ஜன்னலோரம் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் போதும். கீழ்வீட்டில் பிள்ளைக்குச் சோறூட்டும் கூத்து ஆரம்பித்துவிடும்.

"ரியோனா, ஆ காட்டு. ஒரே ஒரு வாய். அம்மா பாவம்லா?"

"மாட்டேன்."

"அப்பளம் நொறுக்கிப் போட்டுத் தாரேன். இப்ப?"

"பெரிய அப்பளமா?"

மஹ்மூதா பீவி மூன்றாம் மாடியில் தன் வாயைத் திறப்பாள், கீழே பிள்ளை திறக்கும் முன்னால். அந்த வாய்ச் சோறு இறங்கினால்தான் இவளுக்கு நிம்மதி. இத்தனைக்கும் அந்தப் பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூட இவளுக்குத் தெரியாது.

பெருமாள்புரம் பக்கம் புதிதாக முளைத்த அடுக்குமாடி அது. கட்டியவன் எந்தப் பக்கம் சுவர் வைத்தானோ, எந்தப் பக்கம் வாசல் வைத்தானோ, ஒரு வீட்டு ஆள் முகம் மறு வீட்டு ஆளுக்குத் தெரியாது. ஆனால் கட்டடத்தின் நடு வயிற்றில், தரையிலிருந்து மொட்டை மாடி வரைக்கும், ஒரு கிணறு மாதிரி இடைவெளி விட்டிருந்தான். டக்ட் என்று அதற்குப் பெயர். கக்கூஸ் குழாய், குளியலறைக் குழாய், மழைத்தண்ணீர்க் குழாய் எல்லாம் அதற்குள்தான் இறங்கின. எல்லா வீட்டுக் குளியலறையின் காற்றுத் துவாரமும், துவைக்கிற இடத்து ஜன்னலும் அதற்குள்தான் திறந்தன. முன்வாசலில் பேசாத வீடுகள் எல்லாம் பின்பக்கம் அந்தக் கிணற்றுக்குள் இருமின, சண்டை போட்டன, மீன் பொரித்தன.

மகன் அம்மார் சவூதியில் தம்மாமிலிருந்து பணம் அனுப்பி வாங்கிய வீடு. வாப்பா பீர் முகம்மது மௌத்தான பிறகு, மேலப்பாளையத்து வீட்டை விற்றுவிட்டு உம்மாவை இங்கே கொண்டுவந்து வைத்தான். "லிஃப்ட் இருக்கு, வாட்ச்மேன் இருக்கான், பயமில்ல உம்மா" என்றான். அவன் சொன்னது சரிதான், பயமில்லை. பயப்படுத்தக்கூட ஒரு ஆள் வருவதில்லை.

கீழே போய்க் கதவைத் தட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எதைச் சொல்லித் தட்டுவது? மேலப்பாளையத்தில் முடுக்கு வழியாகப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு, "என்ன ஆணம்?" என்று குழம்பை விசாரித்தபடியே உள்ளே போகலாம். இங்கே மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் காரணம் சொல்ல வேண்டும். மஹ்மூதா பீவியிடம் காரணம் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி எட்டு மாசம் ஓடிவிட்டது.

அந்த எட்டு மாசத்தில் கீழ்வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அந்தப் பெண் பெயர் ரெனிஷா. மணப்பாட்டுப் பக்கத்துக்காரி. புருஷன் ரெக்சன் கப்பலில் வேலை. சாயங்காலம் ஜெபமாலை சொல்வாள். பிள்ளை தூங்கிய பிறகு குளியலறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு போனில் அழுவாள், பிள்ளை முழித்துக்கொள்ளக் கூடாதே என்று. குளியலறைச் சத்தம் நேரே மேலே வரும் என்று அவளுக்கு யார் சொல்வது?

ஒட்டுக் கேட்பது பாவம் என்று மஹ்மூதா பீவிக்குத் தெரியாமல் இல்லை. 'நான் என்ன சுவத்துல காதையா வச்சேன், அதுவா வருது' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். அதுவாக வருகிற சத்தத்துக்கு முக்காலி எதற்கு என்று அவளை யாரும் கேட்கவில்லை.

இனி சோற்று விஷயம்.

இரண்டு பேருக்குப் பொங்கியே பழகிய கை. பீர் முகம்மது போய் இரண்டு வருஷமாகியும், ஒரு ஆளுக்கு அரிசி அளக்க அந்தக் கைக்கு வரவில்லை. உழக்கைத் தலை தட்டி எடுத்து, மேலே ஒரு பிடி போட்டால்தான் பானை பானையாகத் தெரியும். அப்புறம் சோறு மிஞ்சாமல் என்ன செய்யும்?

மிஞ்சின சோற்றைக் குப்பையில் போட அவளால் முடியாது. அவள் உம்மா அப்படித்தான் வளர்த்திருந்தாள். சோறு பரக்கத், அல்லாஹ் தருகிற விருத்தி. அதை மீன் செதிலோடும் பிள்ளை மூத்திரத் துணியோடும் சேர்த்துப் போட்டால் வீட்டில் பரக்கத் நிற்காது. ஒரு வாயில்லா ஜீவனுக்கு வைக்க வேண்டும். மேலப்பாளையத்தில் கோழி இருந்தது, ஆடு இருந்தது. மூன்றாம் மாடியில் என்ன இருக்கிறது?

புறா இருந்தது. டக்டுக்குள் குழாய்க்காரன் நின்று வேலை பார்க்க, மாடிக்கு மாடி ஒரு முழ அகலத்தில் சிமெண்டு விளிம்பு விட்டிருந்தார்கள். வந்த புதிதில் ஒரு நாள் இவள் ஜன்னலுக்கு வெளியே அந்த விளிம்பில் இரண்டு புறா உட்கார்ந்து, தலையைச் சாய்த்து இவளைப் பார்த்தன. அன்றைக்கு ஆரம்பித்தது. இஷா தொழுகைக்கு முன்னால் மிச்சச் சோற்றை விளிம்பில் வைப்பாள். விடியக்காலை பஜருக்கு எழுந்து பார்த்தால் ஒரு பருக்கை இருக்காது. "அல்ஹம்துலில்லாஹ், யாரோ பசியாறியிருக்கு" என்று மனசு குளிர்ந்துபோகும்.

அந்தக் கட்டடத்தில் கரப்பான் தொல்லை பெரிய தொல்லை. முதலில் எல்லாரும் குப்பைக் குழாயைத்தான் குற்றம் சொன்னார்கள். மாடிக்கு ஒரு மூடி. திறந்து குப்பைப் பையைப் போட்டால் கீழே ஒரு அறையில் போய் விழும். விழ வேண்டும். பை கிழிந்து, நடுவில் சிக்கி, குழாயின் உள்சுவர் முழுக்கக் குழம்பும் சாம்பாரும் வழிந்து ஒட்டி, கரப்பானுக்கு அது கல்யாண வீடாகிவிட்டது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் மூடிகளை எல்லாம் வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார். முத்துராணி என்கிற பெண் வீடு வீடாக வந்து குப்பை வாங்கிப் போனாள்.

கரப்பான் நிற்கவில்லை. முதல் மாடிக்காரர் மருந்தடித்தார். அவர் வீட்டுக் கரப்பான் எல்லாம் குழாயைச் சுற்றியிருந்த சந்து வழியே டக்டுக்குள் ஓடி, இரண்டாம் மாடிக்கு ஏறின. இரண்டாம் மாடியில் அடித்தார்கள். நான்காம் மாடிக்காரர் கத்தினார். ஆளுக்கொரு நாள் அடித்து அடித்து, கரப்பானை மேலும் கீழும் மேய்த்துக்கொண்டிருந்தார்களே தவிர ஒன்றும் சாகவில்லை. இந்தச் செய்தி எல்லாம் மஹ்மூதா பீவிக்குத் தம்மாமிலிருந்து வரும். வீட்டு உரிமையாளர்களின் வாட்ஸப் குழுவில் இருப்பது அம்மார்தான். "உம்மா, நம்ம கட்டடத்துல இப்ப எலியும் வந்திருக்காம், பாத்துக்கோங்க" என்று வெள்ளிக்கிழமை போனில் சொன்னான். கூப்பிடு தூரத்தில் நடப்பதைக் கடல் தாண்டிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று இவளுக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது.

"எலியா? நான் பாக்கலியே" என்றாள். உண்மையாகவே பார்க்கவில்லை.

மறு வாரம் ஒரு நாள் சாயங்காலம். மழை பெய்து கரண்ட் போயிருந்தது. கீழ்வீட்டில் பிள்ளை சீக்கிரமே சாப்பிட்டு, கையைக்கூடக் கழுவாமல் பாயில் படுத்துத் தூங்கிவிட்டது. "ஏட்டி, கையைக் கழுவிட்டுத் தூங்கேன்" என்று ரெனிஷா சொன்னதும், பதில் வராததும் மேலே கேட்டது. மஹ்மூதா பீவி இஷாவுக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்ய எழுந்தாள். அப்போதுதான் பிள்ளை வீறிட்டது.

அடம் பிடித்து அழுகிற சத்தம் இவளுக்கு மனப்பாடம். இது அது இல்லை.

"மாதாவே! எலி! எலி கடிச்சிட்டு! ரத்தம்... ஏ பிள்ளே, அம்மா இருக்கேன், அம்மா இருக்கேன்..."

ஏதோ உருண்டது. கதவு அடித்தது. ரெனிஷா படியில் கத்திக்கொண்டு இறங்கினாள். அப்புறம் டக்டுக்குள் மழைத்தண்ணீர் குழாயில் இறங்குகிற சத்தம் மட்டும்தான். மஹ்மூதா பீவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப் போய் இறங்கியிருக்கலாம். முழங்கால் வலி ஒரு பக்கம், யாரென்று சொல்லிக்கொண்டு ஓடுவது என்கிற கூச்சம் மறு பக்கம். அவள் தொழுதாள். தொழுகையில் பாதி, பெயர் மட்டும் தெரிந்த ஒரு பிள்ளைக்காகத்தான் போனது.

காலையில் முத்துராணி வாசலில் வந்து குப்பை வாளியை வாங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "கீழ ரெண்டாவது மாடிப் பிள்ளைய எலி கடிச்சிட்டும்மா. கால் பெருவிரல்ல, ஒரு கையில வேற. ஆஸ்பத்திரியில கழுவிக் கட்டி ஊசி போட்டிருக்காவ. இன்னும் ஊசி இருக்காம். அந்தப் பிள்ளை அப்பனும் ஊர்ல இல்ல. பாவம், அம்மாக்காரி தனியாக் கெடந்து அல்லாடுதா."

"பிள்ளை எப்படி இருக்கு?"

"இருக்கு. பயந்துபோய் மடிய விட்டு இறங்க மாட்டேங்குதாம்."

அன்றைக்கே சங்கத்தில் மணிராஜ் என்கிற பூச்சி மருந்து ஆளைக் கூட்டிவந்தார்கள். நல்ல பையன், அலட்டல் இல்லை. கீழேயிருந்த டக்ட் கதவைத் திறந்து, ஏணி போட்டு ஏறி, மாடி மாடியாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு வந்தான். சாயங்காலம் மஹ்மூதா பீவி வீட்டு மணி அடித்தது. அந்த மாசத்தில் அதுதான் முதல் மணி.

"பெரியம்மா, துவைக்கிற இடத்து ஜன்னலைக் கொஞ்சம் பாத்துக்கிடுதேன்."

தலையை வெளியே நீட்டி டார்ச்சை அடித்தான்.

"இங்கன யாரு சோறு வைக்கா?"

"நான்தாம்ப்பா. புறாவுக்கு."

"எப்ப வைப்பிய?"

"ராத்திரி, இஷாவுக்கு முன்ன."

மணிராஜ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். "புறா அந்தி சாஞ்சா அடைஞ்சிரும்லா பெரியம்மா. ராத்திரி எந்தப் புறா திங்கும்?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் டார்ச்சை அவள் கையில் கொடுத்தான். விளிம்பின் ஓரத்தில் கறுப்புக் கறுப்பாக, இரண்டு முனையும் கூர்த்து, எலிப் புழுக்கை கிடந்தது. விளிம்பை ஒட்டி இறங்கிய கக்கூஸ் குழாயில், ஏறி ஏறி உடம்பு உரசிய இடமெல்லாம் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு கோடு, மேலேயும் கீழேயும் போயிற்று. புறா எச்சம் ஓரத்தில் எப்போதோ காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"வச்ச சோத்துல பாதி கீழ் மாடி விளிம்புல சிந்திருக்கு. அத மேய்ஞ்சிட்டு இருந்த எலிதான். கீழ்வீட்டுக் குளியலறையில காத்தாடியக் கழட்டிட்டு அட்டைய வச்சு அடைச்சிருக்காவ. அட்டையக் கடிக்க எலிக்கு எவ்வளவு நேரமாவும்? உள்ள வந்திருக்கு. பிள்ளை கையில சோத்து வாசனை."

மஹ்மூதா பீவி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லாஹ்" என்றாள்.

மணிராஜுக்குப் பாவமாகிவிட்டது. "நீங்க வேணும்னேவா வச்சிய? விடுங்க. நான் யார்ட்டயும் சொல்லப்போறதில்ல. இனி வைக்காதிய, அவ்வளவுதான். குழாய்ச் சந்துல எல்லாம் இரும்பு நாரத் திணிச்சுச் சிமெண்டு பூசிருவேன். எல்லா வீட்லயும் ஒரே நாள்ல கரப்பானுக்குக் களிம்பு மருந்து வச்சிருவேன், ஓட எடம் இருக்காது. ஜன்னலுக்கும் துவாரத்துக்கும் நல்ல இரும்பு வலை. எலி வராது."

"வலை போட்டா..." அவள் நிறுத்தினாள். கேட்கவே வெட்கமாக இருந்தது. "சத்தம் வருமாப்பா?"

"சத்தமா? வலைதான பெரியம்மா. காத்தும் வரும், சத்தமும் வரும்."

அவன் போன பிறகு அவள் அந்த முக்காலியிலேயே இருந்தாள். விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் போகாது. வலை வரும், எலி போகும், சாயங்காலம் ஆனால் ரியோனா ஆ காட்டும். வாயைத் திறந்தால் எது மிஞ்சும் என்று தெரியாது. கீழே, இருட்டிய பிறகு, பிள்ளை சிணுங்கியது. "எலி வருமாம்மா?" என்றது. "வராது, அம்மா முழிச்சே இருக்கேன்" என்றாள் ரெனிஷா. அவள் குரல் தூக்கமில்லாமல் கம்மியிருந்தது.

மஹ்மூதா பீவி முக்காலியை விட்டு எழுந்தாள். என் சோறு போய்க் கடித்த விரல் அது. அதை மறைத்து வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை குரலை நான் எப்படிக் கேட்பேன்?

மறுநாள் காலையில் அப்பளம் பொரித்தாள். வெறுங்கையோடு நோயாளியைப் பார்க்கப் போகக் கூடாது. பெரிய அப்பளமாகப் பார்த்துப் பொரித்து, டப்பாவில் அடுக்கி, துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, லிஃப்டை விட்டுப் படியில் பைய இறங்கினாள். மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தவள் சின்னப் பெண். குரலை வைத்து இவள் நினைத்திருந்ததைவிடச் சின்னவள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவள் காலுக்குப் பின்னால், கட்டுப் போட்ட பெருவிரலைத் தூக்கியபடி, சுருட்டை முடியோடு ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தது. இதுதான் ரியோனாவா! மஹ்மூதா பீவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"யாரு ஆன்ட்டி நீங்க?"

"மேல் வீடு மக்களே. பிள்ளைக்கு எப்படி இருக்கு? இந்தா, அப்பளம். நொறுக்கிப் போட்டாத்தானே திங்கும்."

பிள்ளை கையை நீட்டியது. ரெனிஷா சிரித்தாள், ஆனால் புருவம் லேசாகச் சுருங்கியது. "உள்ள வாங்க" என்றாள்.

உட்கார்ந்ததும் மஹ்மூதா பீவி முதலில் சோற்று விஷயத்தைச் சொல்லிவிட்டாள். புறா, பரக்கத், விளிம்பு, புழுக்கை, எல்லாம். "நாந்தான் மக்களே எலிக்குச் சோறு போட்டு வளத்திருக்கேன். என் கையாலதான் இந்தப் பிள்ளைக்கு இது வந்துச்சு. என்னை என்ன வேணும்னாலும் சொல்லு."

ரெனிஷா பிள்ளையின் கால் கட்டைச் சரி செய்தாள். "அட்டைய வச்சு அடைச்சது நாந்தான ஆன்ட்டி" என்றாள். "நீங்க தெரிஞ்சா செஞ்சிய? விடுங்க. யாரு வந்து இப்படிச் சொல்லுவா." சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். இரண்டு நாள் பிடித்து வைத்திருந்த அழுகை.

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். மஹ்மூதா பீவிக்கு அது முடியவில்லை. எட்டு மாசமாக இந்த அழுகையை மேலேயிருந்து கேட்டவள் அவள். தொட்டுத் துடைக்க ஒரு நாளும் கை எட்டியதில்லை. இன்றைக்கு எட்டியது. ரெனிஷா தலையைத் தடவினாள்.

"அழாதம்மா. மாப்பிள்ளை இந்தத் தடவையும் உன்னைக் கேக்காம கப்பல் வேலைய ஆறு மாசம் நீட்டிட்டாருன்னு மனசைப் போட்டுக் குழப்பாத. நல்ல மனுஷன்தான். வந்துருவாரு."

அழுகை நின்றது. ரெனிஷா தலையை நிமிர்த்தினாள்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மஹ்மூதா பீவியின் கை அந்தரத்தில் நின்றது.

"எங்க அம்மைக்கே நான் அதச் சொல்லல. யாருக்கும் சொல்லல." ரெனிஷா குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "மேல கேக்குமா? எல்லாமா?"

"அதுவா வரும் மக்களே..."

"அப்பளமும் அப்படித்தானா? நான் அவர்ட்ட பேசுனது, ஏசுனது, நான்... எல்லாத்தையும் கேட்டுட்டா இருந்திய? இத்தன நாளா?"

பொய் சொல்ல இவளுக்கு வரவில்லை. தலையை ஆட்டினாள்.

ரெனிஷா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "சோறு வச்சது தெரியாம வச்சிய ஆன்ட்டி. கேட்டது தெரிஞ்சுதான கேட்டிய" என்றாள்.

மஹ்மூதா பீவி எழுந்தாள். தனியாக இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது ஒரு பதிலா என்று அவளுக்கே தெரியவில்லை. கதவருகில் வரும்போது, பிள்ளை அப்பளத்தைக் கடித்துக்கொண்டு அவளுக்கு டாட்டா காட்டியது.

இரண்டு நாள் கழித்து மணிராஜ் வேலையை முடித்தான். சந்துகளை எல்லாம் அடைத்தான், மூலை மூலையாகக் களிம்பு வைத்தான், வீடு வீடாக ஜன்னலுக்கு வலை அடித்தான். மஹ்மூதா பீவி ஜன்னலுக்கு வலை அடிக்கும்போது, "கீழ்வீட்ல மட்டும் வலை வேண்டாம்னுட்டாவ பெரியம்மா" என்றான். "ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு ஒட்டணுமாம். குளியலறைத் துவாரத்துக்குச் சிமெண்டுப் பலகை. காத்தே போவாதேன்னு சொன்னேன், எதுத்த சுவத்துல தனியாக் காத்தாடி வச்சுக்கிடுதேன்னு நிக்காவ."

"அவ இஷ்டம்" என்றாள் இவள்.

சாயங்காலம் கீழே துளை போடுகிற மிஷின் சத்தம் கேட்டது. நடுவில் மிஷின் நின்றபோது, பிள்ளை குரல் ஒரு தரம் மேலே வந்தது. "அம்மா, அப்பள ஆச்சிக்கு இனி எலி வராதா?" ரெனிஷா என்ன பதில் சொன்னாளோ, மிஷின் மறுபடி ஓடிவிட்டது. அது நின்ற பிறகு, கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மேல்மாடியில் யாரோ இருமினார்கள். குழாயில் தண்ணீர் இறங்கியது.

மறுநாள் முத்துராணி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். கழுவித் துடைத்திருந்தது. "அந்தப் பிள்ளையோட அம்மா குடுக்கச் சொன்னாவ" என்றாள். மஹ்மூதா பீவி அவள் போன பிறகு திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

கரப்பான் மெல்ல மெல்லக் குறைந்தது. எலி அடியோடு போய்விட்டது. வெள்ளிக்கிழமை அம்மார் போனில், "இப்ப நிம்மதியா உம்மா?" என்று கேட்டான். "நிம்மதிதான் வாப்பா" என்றாள். கேட்க வேறு ஒன்றுமில்லாமல் அவன் வைத்துவிட்டான்.

அவள் அடுக்களைக்குப் போய் அரிசி டின்னைத் திறந்தாள். உழக்கைத் தலை தட்டி எடுத்தாள். பாதியைத் திரும்ப டின்னில் கொட்டினாள். இன்னும் கொஞ்சம் கொட்டினாள். பொங்கினாள். மகரிபு தொழுதுவிட்டு முக்காலியை ஜன்னலோரம் போடாமல் அடுக்களையிலேயே போட்டு உட்கார்ந்து, தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள்.

சோறு மிஞ்சவில்லை.